உப்புத் தண்ணி வீட்டில் நுரை ஹேண்ட்வாஷ்: எடை போட்டுப் பார்த்த கணக்கு

மளிகைச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கண்ணில் பட்டது. ஒரே மாதத்தில் ஹேண்ட்வாஷ் ரீஃபில் கவர் மூன்று வாங்கியிருக்கிறோம். 750 மில்லி கவர், ஒன்று 105 ரூபாய். வீட்டில் இருப்பது நான்கு பேர்: நான், அவர், இரண்டாம் வகுப்பு படிக்கும் மகன், அத்தை. நான்கு பேர் கை கழுவ மாதம் முந்நூறு ரூபாய்க்கு மேல் ஆகிறது என்றால் எங்கேயோ இடிக்கிறது என்று தோன்றியது.

அதே வாரம் கடையில் நுரை வரும் ஹேண்ட்வாஷ் பாட்டிலைப் பார்த்தேன். அழுத்தினால் ஷேவிங் க்ரீம் மாதிரி வெள்ளை நுரையாக விழும். மகனுக்குப் பிடிக்கும் என்று வாங்கினேன், 160 ரூபாய். அதற்கென்றே தனியாக ஒரு ரீஃபில் கவரும் வைத்திருந்தார்கள். 500 மில்லி 120 ரூபாய். கவரைக் குலுக்கிப் பார்த்தால் உள்ளே தண்ணீர் மாதிரி களக் களக்கென்றது. சாதாரண ஹேண்ட்வாஷில் தண்ணீர் ஊற்றி விற்கிறார்களோ என்ற சந்தேகம் அப்போதே வந்துவிட்டது. அப்படியானால் அந்தத் தண்ணீரை நாமே ஊற்றிக்கொள்ளலாமே என்பது அடுத்த யோசனை. இரண்டு மாதம் சமையலறைத் தராசும் கையுமாக நான் அலைந்ததற்கு இதுதான் காரணம்.

எங்கள் வீடு கோயம்புத்தூரில். இந்த ஊரில் வீட்டுக்கு இரண்டு தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் குழாயில் முறை வைத்து வரும் சிறுவாணித் தண்ணி. அதை நல்ல தண்ணி என்போம். மற்ற எல்லாவற்றுக்கும் போர்த் தண்ணி, அதாவது உப்புத் தண்ணி. வாஷ்பேசினில் வருவது உப்புத் தண்ணிதான். குழாய் முனையில் வெள்ளையாகக் காரை படியும், வாளி ஓரத்தில் வட்டம் விழும். சோப்பு விஷயத்தில் இந்தத் தண்ணீர் எவ்வளவு பெரிய ஆள் என்று முதலில் எனக்குத் தெரியவில்லை.

முதலில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கை கழுவுகிறோம் என்று தெரிய வேண்டும். பேசினுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு தாளை ஒட்டி, பென்சிலைக் கட்டித் தொங்கவிட்டேன். கழுவும்போதெல்லாம் ஒரு கோடு. "ஏன் அம்மிணி, கையக் கழுவறதுக்கு இத்தனை கணக்கா?" என்று கேட்ட அத்தைதான் ஒரு கோடுகூட விடாமல் போட்டார். மகன் இரண்டு நாள் ஆர்வமாகப் போட்டான், மூன்றாம் நாள் அவனுடையதையும் அத்தையே போட்டார். மூன்று நாள் சராசரி 32. மாதத்துக்கு ஏறக்குறைய 960 தடவை.

அடுத்தது, ஒரு அழுத்தலுக்கு எவ்வளவு வெளியே வருகிறது என்பது. வீட்டுத் தராசு ஒரு கிராம் வரைதான் காட்டும். ஒரு அழுத்தலை அதில் எடை போட முடியாது. அதனால் பாட்டிலை நிறுத்தி எடை பார்த்து, ஒரு கிண்ணத்தில் இருபது முறை அழுத்தி, மறுபடி நிறுத்து, வித்தியாசத்தை இருபதால் வகுத்தேன். சாதாரண பம்ப் 34 கிராம் இறக்கியது, அதாவது அழுத்தலுக்கு 1.7 கிராம். நுரை பம்ப் 14 கிராம், அதாவது 0.7. கைநிறைய நுரை வந்தாலும் அதற்குள் இருக்கும் திரவம் சாதாரண பம்ப் தருவதில் பாதிகூட இல்லை. மீதி எல்லாம் காற்று.

கட்டி சோப்பை எடை போடுவது கொஞ்சம் வேலை. ஈரத்தோடு நிறுத்தால் தண்ணீரையும் சேர்த்து நிறுத்ததாகிவிடும். புதுக் கட்டியை நிறுத்து வைத்து, மூன்று நாள் எல்லோரும் அதையே பயன்படுத்தி, பிறகு ஒரு நாள் முழுக்கத் துணியின் மேல் காயவைத்து நிறுத்தேன். 96 தடவைக்கு 35 கிராம் கரைந்திருந்தது. ஒரு தடவைக்கு அரை கிராம்கூட இல்லை, 0.36தான். ஆனால் இது கீழே பல் பல்லாக இருந்து தண்ணீர் வடியும் சோப்புப் பெட்டியில் வைத்தபோது வந்த கணக்கு. அடுத்த மூன்று நாள் எங்கள் பழைய பள்ளமான பெட்டியில் வைத்தேன். ஏறக்குறைய அதே எண்ணிக்கைக்கு 55 கிராம் போய்விட்டது. கூடுதலாகப் போன 20 கிராம் யார் கைக்கும் போகவில்லை. பெட்டியின் அடியில் கொழகொழவென்று கூழாகக் கிடந்தது. சோப்பு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்று புலம்புகிறவர்கள் முதலில் சோப்புப் பெட்டியை மாற்றிப் பார்க்கலாம்.

இப்போது காசுக் கணக்கு. கட்டி 100 கிராம் 38 ரூபாய். வடியும் பெட்டியில் ஒரு கழுவலுக்கு 14 பைசா, பள்ளப் பெட்டியில் 22. சாதாரண ஹேண்ட்வாஷ் ஒரு அழுத்தல் 24 பைசா. ஆனால் மகன் எப்போதும் இரண்டு அழுத்து அழுத்துகிறான், அவரும் பாதி நேரம் அப்படித்தான், ஆகவே வீட்டுச் சராசரி ஒன்றரை என்று வைத்தால் 36 பைசா. கடை நுரை ரீஃபில் ஒரு அழுத்தல் 17 பைசா. இங்கேதான் எனக்கு முதல் அடி. ஒரு அழுத்தல் நுரையில் யாருக்கும் மனசு நிறையவில்லை. எல்லோரும் இரண்டு அழுத்தினோம், ஆகவே 34 பைசா. மாதக் கணக்கில் சாதாரண ஹேண்ட்வாஷுக்கு 345 ரூபாய், கடை நுரைக்கு 325. இருபது ரூபாய் மிச்சம் பிடிக்க 160 ரூபாய்க்கு பாட்டில் வாங்கியிருக்கிறேன்.

ஆக, நுரையில் காசு மிச்சமாக வேண்டும் என்றால் கடை ரீஃபிலை விட்டுவிட்டு நாமே கலக்க வேண்டும். அதைச் செய்ய பாட்டிலின் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

நுரை பம்பின் தலை சாதாரண பம்பைவிடப் பருமனாக இருக்கும். அதற்குள் இரண்டு அறை. சின்னது திரவத்தை இழுக்கும், பெரியது காற்றை இழுக்கும். நாம் அழுத்தும்போது இரண்டும் ஒரே நேரத்தில் ஒரு மெல்லிய வலை வழியாகப் பிதுங்குகின்றன. காபி வடிகட்டியைவிட நெருக்கமான வலை. அந்தக் கண்களில் புகுந்து வருவதால்தான் பெரிய குமிழியாக இல்லாமல் பொடிப்பொடியான நுரையாக விழுகிறது. திரவம் தண்ணீர் போல ஓடினால்தான் இது நடக்கும். கெட்டியாக இருந்தால் வலையில் சிக்கும். பம்ப் அழுத்தவே கனக்கும். அழுத்திய பின் மேலே எழும்பாமல் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

சாதாரண ஹேண்ட்வாஷ் கெட்டியாக இருப்பது அதில் சோப்புச் சரக்கு நிறைய இருப்பதால் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பெரும்பாலான ஹேண்ட்வாஷில் அழுக்கு எடுப்பது சோடியம் லாரெத் சல்பேட்டும் அதனுடன் சேர்க்கும் கோகமிடோப்ரோபில் பீட்டைனும். இந்தக் கலவையில் கொஞ்சம் சாப்பாட்டு உப்பு சேர்த்தாலே தேன் மாதிரி கெட்டியாகிவிடும். கவரின் பின்புறம் சேர்மானப் பட்டியலில் சோடியம் குளோரைடு என்று இருக்கும், அது இதற்குத்தான். தண்ணீர் சேர்க்கும்போது இந்தக் கெட்டித்தன்மை மெல்ல மெல்லக் குறையாது, ஒரு கட்டத்தில் சட்டென்று உடைந்து தண்ணீராகிவிடும். அந்தக் கட்டத்தைத் தாண்டினால்தான் நுரை பம்ப் வேலை செய்யும்.

ஒரு பங்கு ஹேண்ட்வாஷுக்கு ஒரு பங்கு தண்ணீர் என்று முதலில் ஆரம்பித்தேன். பம்ப் அசையவே இல்லை. ஒன்றுக்கு இரண்டில் நுரை வந்தது, ஆனால் அழுத்துவதற்குள் விரல் வலித்தது. அத்தையால் முடியவே இல்லை. ஒன்றுக்கு மூன்றில் கடை நுரைக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. உள்ளங்கையைக் கவிழ்த்தால் நுரை சிறிது நேரம் விழாமல் ஒட்டி நிற்கும். ஒன்றுக்கு நான்கும் பரவாயில்லை. ஆறு வரை போனேன். நுரை வரத்தான் செய்தது, ஆனால் கையில் விழுந்ததும் வடிந்து ஓடியது. உள்ளங்கையில் நுரை நிற்கிறதா, ஓடுகிறதா என்பதுதான் இதில் பார்க்க வேண்டியது. கடைசியில் மூன்றில் நிறுத்தினேன்: 60 மில்லி ஹேண்ட்வாஷ், 180 மில்லி தண்ணீர்.

கலக்கும்போது தண்ணீரை முதலில் ஊற்றிவிட்டு ஹேண்ட்வாஷை மெதுவாக மேலே விட வேண்டும். மாற்றிச் செய்தால் பாட்டில் முழுக்க நுரை பொங்கி, அளவே தெரியாது. குலுக்கக் கூடாது, மூடியைப் போட்டுச் சாய்த்துச் சாய்த்து உருட்டி, ராத்திரி அப்படியே வைத்துவிட்டால் காலையில் ஒரே சீராக இருக்கும். கழுத்து வரை நிரப்பவும் கூடாது. பம்பின் பருத்த அடிப்பாகம் உள்ளே இறங்கும்போது தண்ணீர் வழியும்.

இன்னொன்று. எல்லா ஹேண்ட்வாஷும் இதற்கு ஆகாது. முத்து மாதிரி மினுமினுப்போடு பால் போல இருக்கும் வகையை ஒரு தடவை கலக்கினேன். நான்காவது நாள் அடியில் வெள்ளையாகப் படிந்து, பம்ப் அடைத்துக்கொண்டது. அந்த மினுமினுப்புக்கு கிளைக்கால் டைஸ்டியரேட் என்ற மெழுகுத் துகளைச் சேர்க்கிறார்கள். நீர்த்த கலவையில் அதைத் தாங்கிப் பிடிக்கக் கெட்டித்தன்மை இல்லை; துகள் இறங்கி வலையில் உட்கார்ந்துவிடுகிறது. பம்பைக் கழற்றி வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்துப் பத்து இருபது முறை அழுத்தியதும் சரியானது. அதன் பிறகு எதிர்ப்பக்கம் தெளிவாகத் தெரியும் கண்ணாடி போன்ற ஹேண்ட்வாஷ் மட்டுமே வாங்குகிறேன். மணிமணியாக உருண்டை மிதக்கும் வகையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

காசுக் கணக்கு இப்படி வந்தது. 240 மில்லிக்கு 8 ரூபாய் 40 பைசா. இரண்டு அழுத்தலுக்கு 5 பைசா. மாதம் 47 ரூபாய். 345 எங்கே, 47 எங்கே! ஒரு வாரம் வீட்டில் எல்லோரிடமும் இதைச் சொல்லிக்கொண்டே திரிந்தேன்.

அந்தச் சந்தோஷம் மே மாதம் வரைதான். அடிக்கடி கலக்கச் சோம்பல்பட்டு, ஒரு பெரிய பாட்டிலில் மொத்தமாகக் கலந்து பேசினுக்குக் கீழே வைத்துவிட்டேன். நல்ல தண்ணி முறைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்ததால் உப்புத் தண்ணியையே ஊற்றினேன். ஐந்தாவது வாரம் மகன் கையை மோந்து பார்த்துவிட்டு, "அம்மா, இது நாறுது" என்றான். எனக்கு முதலில் தெரியவில்லை. எலுமிச்சை வாசனைக்கு அடியில் ஊறவைத்து மறந்த துணி போல ஒரு வாடை. பெரிய பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முன்பு தெளிவாக இருந்தது கலங்கியிருந்தது. உருட்டினால் உள்ளே நூல் நூலாக வழவழப்பு சுழன்றது. சோப்பிலேயே கிருமி வளர்ந்திருக்கிறது.

சோப்பு கெட்டுப்போகுமா என்று அவர் நம்பவில்லை. ஏன் கெட்டது என்று யோசித்தால் விடை எளிது. தண்ணீர் கலந்த எந்தச் சோப்புக் கரைசலுக்கும் கெடாமல் இருக்க ஒரு பதப்படுத்தும் பொருள் வேண்டும். கம்பெனி அதைத் தன் பாட்டிலுக்குத் தேவையான அளவு போட்டிருக்கும். நான் மூன்று பங்கு தண்ணீர் ஊற்றியதும் அது கால் பங்காகிவிட்டது. அது மட்டும் இல்லை. நான் வாங்குவதில் சேர்த்திருப்பது சோடியம் பென்சோயேட். அது புளிப்புத்தன்மை உள்ள கரைசலில்தான் வேலை செய்யும். மீன்தொட்டிக் கடையில் வாங்கிய பி.ஹெச். தாளை நனைத்துப் பார்த்தேன். எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். கவரிலிருந்து வந்த ஹேண்ட்வாஷ் 5, உப்புத் தண்ணியில் கலந்தது 7. நல்ல தண்ணியைக் காய்ச்சி ஆறவைத்துக் கலந்தது 6-க்குக் கீழே நின்றது. உப்புத் தண்ணியில் இருக்கும் காரத்தன்மை அந்தப் புளிப்பைத் தின்றுவிட்டது. கால் பங்காகிப்போன காவல்காரன், அவனும் தூங்கிவிட்டான்.

இதை வெறும் வாடைப் பிரச்சினை என்று விடவும் முடியாது. தீரத் தீர மேலேயே ஊற்றி நிரப்பும் திரவச் சோப்புப் பெட்டிகளில் பாக்டீரியா வளர்ந்து, கழுவிய பிறகு கையில் முன்பைவிட அதிகமாக ஒட்டியது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். மிச்சம் இருந்ததை எல்லாம் சாக்கடையில் கொட்டினேன்.

இப்போது என் முறை இது. பத்து, பன்னிரண்டு நாளில் தீர்ந்துவிடும் அளவுக்கு மட்டும் கலக்குவேன். இரண்டு நுரை பாட்டில், சேர்த்து அரை லிட்டர். காய்ச்சி ஆறிய நல்ல தண்ணிதான். முழுக்கத் தீர்ந்த பிறகு பாட்டிலையும் பம்பையும் வெந்நீரில் அலசி, ஒரு ராத்திரி கவிழ்த்து உலரவைத்துத்தான் அடுத்தது. பாதி இருக்கும்போது மேலே ஊற்றுவது கிடையாது. கலக்கிய தேதியை மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டுகிறேன். 99.9 சதவீதம் கிருமியைக் கொல்லும் என்று கவரில் எழுதியிருப்பது கவரில் இருந்தபடியே பயன்படுத்தினால்தான். நான்கில் ஒரு பங்கானதற்கு அந்தப் பேச்சு செல்லாது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. வீட்டில் கை கழுவுவது பெரும்பாலும் தேய்த்து, அழுக்கோடு கிருமியையும் தண்ணீரில் இழுத்துப் போகச் செய்வதுதான்.

ஆனால் இந்தத் தேய்ப்பதில்தான் நுரை கொஞ்சம் ஏமாற்றுகிறது. கட்டி சோப்பாக இருந்தால் நுரை வரும்வரை தேய்த்தே ஆக வேண்டும். நுரை பாட்டிலில் நுரை முதலிலேயே வந்துவிடுவதால், வேலை முடிந்துவிட்டது என்று கை நினைத்துக்கொள்கிறது. மகனை அவனுக்குத் தெரியாமல் போனில் நேரம் பார்த்தேன். கட்டி சோப்பில் தண்ணீரைத் திறக்கும் முன் 14 விநாடி தேய்த்தவன், நுரையில் 5 விநாடியில் அலசிவிட்டான். இருபது விநாடி வேண்டும். இப்போது அத்தை பக்கத்தில் நின்று இருபது வரை எண்ணுகிறார். பதினைந்துக்கு மேல் அவர் வேகமாக எண்ணுவது வேறு விஷயம்.

இனி வறட்சி. உண்மையில் இதற்காகத்தான் அத்தை இத்தனை கோடு போட்டார் என்று நினைக்கிறேன். அவருக்குக் கட்டை விரல் பக்கம் தோல் வெடிக்கும். ஆடிக் காற்று ஆரம்பித்தால் இன்னும் மோசம்.

கையில் இதைச் சோதிப்பது கஷ்டம். பாத்திரம் கழுவுகிறோம், துணி துவைக்கிறோம், எண்ணெய் தொடுகிறோம். எது எதனால் என்று பிரிக்க முடியாது. அதனால் முன்கையின் உள்பக்கத்தை எடுத்துக்கொண்டேன். இடது முன்கைக்குக் கட்டி சோப்பு, வலது முன்கைக்கு நான் கலக்கிய நுரை, இரண்டுக்கும் உப்புத் தண்ணி. நாளைக்கு ஐந்து தடவை, ஐந்து நாள், எண்ணெயோ க்ரீமோ தடவாமல். ராத்திரி படுக்கும் முன் இரண்டிலும் நகத்தால் லேசாக ஒரு கோடு கிழிப்பேன். தோல் வறண்டிருந்தால் வெள்ளைக் கோடு பளிச்சென்று விழும், கொஞ்ச நேரம் மறையாது.

மூன்றாம் நாளே இடது கை இறுக்கிப் பிடித்தது போல ஆனது. நகக் கோடு சிலேட்டில் போட்ட மாதிரி. வலது கையில் கோடு விழுந்ததும் மறைந்தது. ஒரு வாரம் விட்டு, கவரில் இருந்தபடியே கெட்டி ஹேண்ட்வாஷை இடதிலும் நுரையை வலதிலும் போட்டுப் பார்த்தேன். இடதில் ஐந்தாம் நாள்தான் மெல்லிய வெள்ளைக் கோடு.

இதிலிருந்து நுரை மென்மையானது என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் அது பாதி உண்மை. வலது கையில் போட்டதும் இடது கையில் போட்டதும் ஒரே கவரில் இருந்து வந்த ஒரே சரக்கு. இரண்டு அழுத்தல் நுரையில் இருப்பது அசல் ஹேண்ட்வாஷ் 0.35 மில்லிதான், சாதாரண பம்பின் ஒரு அழுத்தலில் ஐந்தில் ஒரு பங்கு. சரக்கு குறைந்தது, தோலிலிருந்து எடுக்கும் எண்ணெயும் குறைந்தது, அவ்வளவுதான். நுரை பம்பில் ஆறு அழுத்து அழுத்துகிறவருக்கு இந்தப் பலன் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும்.

எண்ணெயைக் குறைவாக எடுக்கிறது என்பதற்கு மறுபக்கமும் உண்டு. மீன் கழுவிய கைக்கு இந்த நுரை போதவில்லை. தேங்காய் எண்ணெயில் மஞ்சள்தூள் குழைத்து உள்ளங்கையில் பூசி, ஒவ்வொன்றாலும் கழுவி வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்தேன். கட்டி சோப்பு, சாதாரண ஹேண்ட்வாஷ் இரண்டுக்கும் துணியில் லேசான மஞ்சள். நுரை இரண்டு அழுத்தலுக்குத் துணி நன்றாகவே மஞ்சளாகி, பிசுபிசுப்பும் இருந்தது. நான்கு அழுத்திய பிறகுதான் சமமானது. அவர் சைக்கிள் செயினைத் தொட்டுவிட்டு வந்தால் நுரை பாட்டில் பக்கமே போவதில்லை.

அதற்காக ஒரு நாள் அவரே பாத்திரம் கழுவும் லிக்விடை நுரை பாட்டிலில் கலந்து வைத்துவிட்டார். கிரீஸ் அருமையாகப் போனது. இரண்டே நாளில் அத்தையின் விரல் ஓரம் எரிய ஆரம்பித்துவிட்டது. எண்ணெய்ச் சட்டியைச் சுத்தம் செய்யத் தயாரித்ததை நாளைக்கு எட்டு தடவை தோலில் போட்டால் வேறு என்ன ஆகும்?

கட்டி சோப்பு ஏன் இவ்வளவு வறட்டியது என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. நான் வாங்கியது மலிவுச் சரக்கு இல்லை. டாய்லெட் சோப், கிரேடு 1, டி.எஃப்.எம். என்கிற மொத்தக் கொழுப்புச் சரக்கு 76 சதவீதத்துக்கு மேல். இந்தியத் தரநிர்ணயப்படி கிரேடு 2-க்கு 70, கிரேடு 3-க்கு 60 இருந்தால் போதும். பேதிங் பார் என்று எழுதியிருப்பவை வேறு கணக்கு, அவற்றில் இன்னும் குறைவாக இருக்கலாம். நல்ல சோப்பு என்றாலும் சோப்பு சோப்புதான்: அதன் பி.ஹெச். 9, 10 என்று இருக்கும், தோலோ 5-ஐ ஒட்டி. ஒவ்வொரு கழுவலுக்குப் பிறகும் தோல் பழைய நிலைக்குத் திரும்பக் கொஞ்ச நேரம் எடுக்கிறது. நாளைக்கு இரண்டு தடவை குளிப்பதற்கு இது பெரிதில்லை. எட்டு தடவை கழுவினால் தெரியும்.

இன்னொரு காரணத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரே அளவு இரண்டு கண்ணாடி பாட்டில் எடுத்து, ஒன்றில் நல்ல தண்ணி, இன்னொன்றில் உப்புத் தண்ணி பாதி அளவு. இரண்டிலும் துருவிய சோப்பு ஒரு சிட்டிகை. மூடிக் குலுக்கினேன். நல்ல தண்ணியில் விரல் உயரத்துக்கு நுரை எழும்பி, அடியில் தண்ணீர் கிட்டத்தட்ட தெளிவாக நின்றது. உப்புத் தண்ணியில் நுரையே இல்லை. தண்ணீர் திரிந்த பால் மாதிரி ஆகி, மேலே வெள்ளைத் துகள் மிதந்தது, பாட்டில் சுவரில் ஒட்டியது. தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காக மாறிவிடுகின்றன. வாளி ஓரத்தில் படியும் அதே பிசுக்கு. அதுதான் என் இடது முன்கையிலும் படிந்திருக்கிறது. நுரை வரவில்லையே என்று நாம் மேலும் மேலும் தேய்க்கிறோம், சோப்பும் சீக்கிரம் தேய்கிறது. ஹேண்ட்வாஷை அதே இரண்டு பாட்டிலில் விட்டபோது இரண்டிலும் நுரை வந்தது, திரியவில்லை. சோப்பு இல்லாத சரக்கு என்பதால்தான்.

அப்புறம் இடது முன்கைக்கு மட்டும் ஐந்து நாள் கட்டி சோப்பையே நல்ல தண்ணியில் போட்டேன், ஒரு சொம்பு அலசுவதற்கு. ஐந்தாம் நாளும் நகக் கோடு சாதாரண ஹேண்ட்வாஷ் அளவுக்குத்தான் இருந்தது. இறுக்கம் இல்லவே இல்லை. ஒரே சோப்பு, ஒரே கை, தண்ணீர் மட்டும் வேறு. இத்தனை நாள் சோப்பைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். குழாயிலேயே நல்ல தண்ணீர் வருகிற வீட்டில் இந்தக் கணக்கு முழுக்க மாறிவிடும். அங்கே 14 பைசா கட்டி சோப்பை நான் குறை சொல்ல மாட்டேன்.

கட்டி சோப்பைப் பலர் தொடுகிறார்களே, கிருமி ஒட்டாதா என்று அவர் கேட்டார். 1988-இல் வெளியான ஒரு ஆய்வில் வேண்டுமென்றே பாக்டீரியா பூசிய சோப்புக் கட்டியைக் கொடுத்து 16 பேரைக் கை கழுவச் சொன்னார்கள். கழுவிய பிறகு யார் கையிலும் அந்தப் பாக்டீரியா கண்டுபிடிக்கும் அளவுக்கு இல்லை. நான் கலக்கி ஐந்து வாரம் வைத்திருந்த பாட்டிலைவிட அந்தக் கட்டி எவ்வளவோ மேல்.

இப்போதைய ஏற்பாடு: வீட்டுக்குள் பேசினில் நான் கலக்கும் நுரை. மேலே எழுதியதுபோல் மாதம் 47 ரூபாய், சில மாதம் கொஞ்சம் கூட. புழக்கடைக் குழாயில், மீனுக்கும் செயினுக்கும், வடியும் பெட்டியில் ஒரு கட்டி சோப்பு. கடை நுரை ரீஃபிலில் பாதி கவர் மிச்சம் இருக்கிறது. அதைத் தனியாகவே ஒரு பாட்டிலில் ஊற்றி விருந்தாளிகளுக்கு வைத்திருக்கிறேன். கலக்க வேண்டியது இல்லை, கெட்டுப்போகும் பயமும் இல்லை.

அத்தைக்கு மட்டும் பேசின் பக்கத்தில் ஒரு சொம்பு நல்ல தண்ணி. நுரை போட்டுக் கழுவி, கடைசி அலசலை அந்தச் சொம்பில் செய்துகொள்கிறார். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் முழுக்கப் போவதற்குள் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய். ஆடி பாதி போய்விட்டது. கட்டை விரல் இன்னும் வெடிக்கவில்லை. அது நுரையாலா, சொம்புத் தண்ணியாலா, எண்ணெயாலா என்று கேட்டால் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டேன், என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பிரித்துப் பார்க்க ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கலாமா என்று கேட்டேன். "உன் தராசை உன் கையோட வெச்சுக்க கண்ணு" என்று சொல்லிவிட்டார்.